குறியீட்டு எண் ஏற்கவில்லையா? இருபடிச் சரிபார்ப்பில் வரும் சிக்கல்களும் தீர்க்கும் வழிகளும்

அலுவலக ஊழியர்கள் அனைவருக்கும்,

அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமையிலிருந்து நம் அலுவலக மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் இருபடிச் சரிபார்ப்பு கட்டாயம் ஆகிறது. பினாங்கு லிட்டில் இந்தியா அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர், பிறைக் கிடங்கில் சரக்குப் பதிவு செய்பவர், ஈப்போ, அலோர் ஸ்டார் என்று விற்பனைக்காகச் சுற்றுபவர் எல்லாருக்கும் இது பொருந்தும். கடவுச்சொல்லைத் தட்டியதும் ஜிமெயில் இரண்டாவதாக ஒன்றைக் கேட்கும். கூகுளின் `Google Authenticator` போன்ற கைப்பேசிச் செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணைத் தரலாம், அல்லது கைப்பேசித் திரையில் தோன்றும் அனுமதிக் கேள்விக்குப் பதில் சொல்லலாம். இவற்றில் ஒன்று போதும்.

குறுஞ்செய்தியில் வரும் எண்ணை இந்த விதி ஏற்காது. நிறைய பேர் கேட்டதால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். குறுஞ்செய்தி உங்கள் தொலைபேசி எண்ணுக்கு வருகிறது, உங்கள் கைப்பேசிக்கு அல்ல. யாராவது உங்கள் பெயரில் மாற்று சிம் அட்டை வாங்கிவிட்டால் அந்த எண் அவர் கையில் போய் விழும். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா நம் வங்கிகளைக் குறுஞ்செய்தி எண்ணிலிருந்து விலகி இதைவிடப் பாதுகாப்பான முறைக்கு மாறச் சொன்னது. உங்கள் வங்கிச் செயலி இப்போது குறுஞ்செய்தி அனுப்பாமல் செயலிக்குள்ளேயே ஒப்புதல் கேட்பது அதனால்தான். நம் மின்னஞ்சலில் சப்ளையர் விலைப்பட்டியலும் வங்கி விவரமும் போய் வருகின்றன. அதற்கும் அதே அளவு பாதுகாப்பு வேண்டும்.

விதியைச் சொல்லும் சுற்றறிக்கை மலாயிலும் ஆங்கிலத்திலும் ஏற்கெனவே வந்துவிட்டது. இது அதன் மொழிபெயர்ப்பு அல்ல. கொள்முதல் பிரிவும் கணக்குப் பிரிவும் முன்கூட்டியே இந்த முறைக்கு மாறிவிட்டன. அங்கே என்னென்ன சிக்கல் வந்தது, எதனால் வந்தது, எப்படித் தீர்ந்தது என்பதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் தெரிவதற்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் படித்துவிடுங்கள். பாதிச் சிக்கலுக்கு விடை அங்கேயே இருக்கிறது.

## அந்த எண் எங்கிருந்து வருகிறது

செயலியில் தெரியும் ஆறு இலக்க எண்ணை யாரும் உங்களுக்கு அனுப்புவதில்லை. உங்கள் கைப்பேசியே அதைக் கணக்கிடுகிறது. முதல்முறை கணினித் திரையிலிருந்த சதுரக் கட்டப் படத்தைச் செயலியால் பிடித்தீர்கள் அல்லவா, அந்தப் படத்துக்குள் ஒரு நீண்ட ரகசியச் சாவி இருந்தது. அது இப்போது உங்கள் கைப்பேசியில் ஒன்றும் கூகுளிடம் ஒன்றுமாக இரண்டு இடத்தில் இருக்கிறது. அந்தச் சாவியையும் அந்த நேரத்து மணியையும் சேர்த்து இரு பக்கமும் தனித்தனியே ஒரே கணக்கைப் போடுகின்றன. ஒரே பஞ்சாங்கத்தை வைத்து இரண்டு ஊரில் இருவர் நாள் கணிப்பது போலத்தான். ஒருவரோடு ஒருவர் பேசாமலே விடை ஒன்றாக வரும். 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும். பெரும்பாலான செயலிகள் 2011-இல் வெளியான ஒரே பொதுத் தரத்தைப் பின்பற்றுவதால், கூகுளின் செயலியை வைத்தாலும் வேறு நிறுவனத்தின் செயலியை வைத்தாலும் கணக்கு ஒன்றுதான்.

இதிலிருந்து மூன்று விஷயம் தெரிகிறது. எண் வருவதற்கு இணையமோ சிக்னலோ தேவையில்லை. விமானப் பயன்முறையில்கூட வரும். சாவி கைப்பேசியில் இருக்கிறது, சிம் அட்டையில் இல்லை. கைப்பேசியின் மணி தவறினால் எண்ணும் தவறும். இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

## "எண்ணைச் சரியாகத்தான் தட்டுகிறேன், `Wrong code` என்றே வருகிறது"

அதிகம் வந்த புகார் இது. அதிகம் பேரைக் குழப்பியதும் இதுதான், ஏனென்றால் எண் கண் முன்னால் இருக்கிறது, ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துத் தட்டியும் கணக்கு திறக்க மறுக்கிறது.

முதலில் எளிதானதைப் பார்த்துவிடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு வட்டம் கரைந்துகொண்டே வரும். அது முடியும் தறுவாயில் தட்டத் தொடங்கினால், நீங்கள் முடிப்பதற்குள் எண் மாறிவிடும். சற்று முன் மாறிய எண்ணைப் பொதுவாகச் சர்வர் ஏற்கும், ஆனால் அதை நம்பித் தட்ட வேண்டாம். புது எண் வரும்வரை காத்திருந்து அதைத் தட்டுங்கள். அதுவும் தவறு என்று வந்தால் திரும்பத் திரும்ப முயலாதீர்கள். கூகுள் உங்களைச் சிறிது நேரத்துக்கு நிறுத்தி வைத்துவிடும். காரணத்தைத் தேடுவதுதான் சரி.

அடுத்து, செயலியில் நம் அலுவலக முகவரி எத்தனை முறை இருக்கிறது என்று பாருங்கள். ஒரே முகவரி இரண்டு வரியாக இருந்தால், நீங்கள் ஒருமுறைக்கு மேல் சதுரப் படத்தைப் பிடித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் கூகுள் புதுச் சாவி தருகிறது. புதியதை உறுதிசெய்த கணமே பழையது செத்துவிடும். ஆனால் பழைய வரிக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு 30 நொடிக்கு ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு வரியின் எண்ணையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். கணக்கைத் திறக்கும் வரி எதுவோ அதற்குப் பெயர் மாற்றி அடையாளம் வைத்துவிட்டு, மற்றதை நீக்குங்கள். எது உயிருள்ளது என்று உறுதியாகும் முன் எதையும் நீக்க வேண்டாம்.

வரி ஒன்றுதான், எண்ணும் புதியதுதான், அப்படியும் ஏற்கவில்லை என்றால் கைப்பேசியின் கடிகாரத்தைச் சந்தேகப்பட வேண்டும். இதில்தான் நம் கொள்முதல் பிரிவு அக்கா ஒருவர் அரை நாள் சிக்கிக்கொண்டார். அவருக்கு நடந்ததை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பாதிப் பேர் சென்னைக்குப் போய் வருபவர்கள்.

பருப்பு, மிளகாய் சப்ளையர்களைப் பார்க்கச் சென்னைக்குப் போனவர் அங்கே கைப்பேசியை இந்திய நேரத்துக்கு மாற்றியிருக்கிறார். திரும்பி வந்ததும் மணி இரண்டரை மணி நேரம் பின்னால் இருந்தது. அமைப்புக்குள் போய், தானாக நேரம் எடுத்துக்கொள்ளும் வசதியை நிறுத்திவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கையாலேயே மணியைத் திருத்திவிட்டார். காலை 9:00 என்றால் கைப்பேசியும் 9:00 என்றே காட்டியது. பார்க்க எந்தக் குறையும் இல்லை. எண் மட்டும் ஒன்றுகூட ஏற்கப்படவில்லை.

நடந்தது இதுதான். செயலி திரையில் தெரியும் உள்ளூர் மணியை எடுத்துக் கணக்குப் போடுவதில்லை. உலகம் முழுக்கப் பொதுவான நேரத்தை எடுத்துக்கொள்கிறது. உள்ளூர் மணியிலிருந்து அந்தப் பொது நேரத்துக்குப் போக, கைப்பேசி தன் நேர மண்டலத்தைப் பார்த்துக் கழிக்கும். மலேசியா பொது நேரத்துக்கு 8 மணி முன்னால் இருக்கிறது. (தீபகற்பத்தில் 1982 ஜனவரி 1-இல் அரை மணி முன்னே தள்ளி வைத்த பிறகு இந்தக் கணக்கு. வீட்டில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.) இந்தியா ஐந்தரை மணி முன்னால். காலை 9:00 மணிக்கு உண்மையான பொது நேரம் 9:00-இல் 8 மணி கழித்து அதிகாலை 1:00. அந்த அக்காவின் கைப்பேசியில் மணி மட்டும் மாறியிருந்தது, மண்டலம் இன்னும் இந்தியாவில் இருந்தது. ஆகவே அது 9:00-இல் ஐந்தரை மணியைக் கழித்து 3:30 என்று கணக்குப் போட்டது. வித்தியாசம் இரண்டரை மணி, அதாவது 150 நிமிடம். 30 நொடிக்கு ஓர் எண் என்றால் 300 எண்கள் முன்னே ஓடிவிட்டது. காலை 11:30-க்குக் கூகுள் எதிர்பார்க்கும் எண்ணை அவர் 9:00 மணிக்கே தட்டிக்கொண்டிருந்தார்.

உங்கள் கைப்பேசியும் இப்படித்தானா என்று அறிய ஒரு வழி உண்டு. கைப்பேசி உலாவியில் `time.is` என்று தட்டுங்கள். உங்கள் கடிகாரம் எவ்வளவு முந்தியிருக்கிறது, எவ்வளவு பிந்தியிருக்கிறது என்று அந்தப் பக்கம் சொல்லும். ஓரிரு நொடி வித்தியாசம் எதையும் கெடுக்காது. ஒரு நிமிடத்தைத் தாண்டினால் எண் ஏற்காமல் போகலாம். சரியாக இரண்டரை மணி என்று வந்தால் மேலே சொன்ன சென்னைக் கதைதான், வேறு சந்தேகமே வேண்டாம். வாட்ஸ்அப் திறக்கும்போது கைப்பேசியின் தேதி சரியில்லை என்று முறையிட்டாலும் அதே காரணமாக இருக்கலாம்.

திருத்துவது எளிது. மணியைக் கையால் மாற்ற வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் `Date & time` என்ற பகுதிக்குப் போனால் தானாக நேரம் எடுக்க ஒரு பொத்தானும், தானாக நேர மண்டலம் எடுக்க இன்னொரு பொத்தானும் இருக்கும். பெயர் கைப்பேசிக்குக் கைப்பேசி சற்று மாறும். இரண்டையும் போட்டுவிடுங்கள். பலர் முதலாவதை மட்டும் போட்டு விட்டுவிடுகிறார்கள். ஐபோனில் `Settings`, `General`, `Date & Time` என்று போய் `Set Automatically` என்பதைப் போட வேண்டும். மண்டலம் கோலாலம்பூர் என்று மாறியதா என்று பார்த்துவிட்டு, செயலியை மூடித் திறந்து, புது எண்ணைத் தட்டுங்கள். அந்த அக்காவுக்கு இவ்வளவு செய்ததுமே கணக்கு திறந்துவிட்டது. சாவியில் குறை இல்லாததால் சதுரப் படத்தை மறுபடி பிடிக்கத் தேவையிருக்கவில்லை.

கைப்பேசியில் பிள்ளைகள் விளையாட்டுக்காக மணியைத் தள்ளி வைத்திருந்தாலும் இதே அறிகுறிதான், இதே மருந்துதான்.

## "புதுக் கைப்பேசி வாங்கினேன், செயலி காலியாக இருக்கிறது"

சிம் அட்டையைப் புதியதில் போட்டால் எண்களும் கூடவே வரும் என்று நினைப்பது இயல்பு. வராது. சாவி பழைய கைப்பேசியிலேயே இருக்கிறது.

பழையது இன்னும் உங்கள் கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. கூகுள் செயலியில் `Transfer accounts` என்பதற்குள் `Export accounts` என்று ஒன்று இருக்கும். அது ஒரு சதுரப் படத்தைக் காட்டும். புதுக் கைப்பேசியின் செயலியால் அதைப் பிடித்துவிடுங்கள். அதோடு முடிந்துவிட்டது என்று பழையதைத் துடைத்துவிடாதீர்கள். புதியதில் வரும் எண்ணைக்கொண்டு ஒருமுறை மின்னஞ்சலைத் திறந்து பார்த்த பிறகுதான் பழையதைக் கடையில் கொடுத்து விலை பேச வேண்டும். கொம்தாரிலோ வேறெங்கோ பழைய கைப்பேசியைக் கொடுத்துப் புதியது எடுக்கும் அவசரத்தில் இந்த ஒரு படியை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு.

பழையது தொலைந்துவிட்டால் அல்லது உடைந்துவிட்டால் மாற்றுக் குறியீடுகள்தான் கதவு. இருபடிச் சரிபார்ப்பை அமைக்கும்போது `Backup codes` என்ற இடத்தில் கூகுள் பத்து எண்கள் தரும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அவற்றை அச்சிட்டு வீட்டில் முக்கியத் தாள்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். பயன்படுத்தியதைக் கோடு போட்டு அடியுங்கள். விசைப்பலகைக்கு அடியில் ஒட்டி வைத்தால், உங்கள் கடவுச்சொல்லை அறிந்த யாரும் அதைப் புரட்டிப் பார்த்து உள்ளே வந்துவிடலாம். கைப்பேசியிலேயே படமாக வைத்திருந்தால், கைப்பேசி தொலையும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். இன்னொன்று, புதிதாகப் பத்து எண்கள் எடுத்தால் பழைய பத்தும் அந்தக் கணமே செல்லாமல் போகும். வீட்டில் இரண்டு தாள்கள் இருந்தால் பழையதைக் கிழித்துப் போடுங்கள்.

கூகுள் செயலி 2023 ஏப்ரலிலிருந்து எண்களைக் கூகுள் கணக்கில் சேமித்து வைக்கும் வசதியைத் தருகிறது. நல்ல வசதிதான். ஆனால் அதை அலுவலகக் கணக்கோடு இணைத்தால் ஒரு முடிச்சு விழும். கைப்பேசி தொலைந்தபின் எண்களை மீட்க அந்தக் கணக்குக்குள் போக வேண்டும், உள்ளே போக அந்த எண் வேண்டும். அதனால் அலுவலகக் கணக்கை அதில் இணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் குறியீட்டுத் தாள் போதும்.

## "உலாவியில் மின்னஞ்சல் திறக்கிறது, அவுட்லுக்கில் கடவுச்சொல் தவறு என்கிறது"

கடவுச்சொல் சரியாகவே இருக்கும். உங்கள் கணக்கைப் பல வருடங்களுக்கு முன் வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து அவுட்லுக்கில் சேர்த்திருக்கிறீர்கள். அந்தப் பழைய வழியில் இரண்டாவது படியைக் கேட்க இடமே இல்லை. கூகுளும் அந்த வழியை 2025-இல் அலுவலகக் கணக்குகளுக்கு மூடிவிட்டது.

அவுட்லுக்கில் அந்தக் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். இந்த முறை கூகுளின் உள்நுழைவுப் பக்கமே ஒரு சிறு சன்னலாகத் திறக்கும். அதில் கடவுச்சொல்லும் குறியீட்டு எண்ணும் கொடுத்தால் சரியாகிவிடும். நீக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். கணினியில் மட்டும் இருக்கும் பழைய அஞ்சல்கள், அதாவது சர்வரிலிருந்து இறக்கி அழித்தவை, உங்களிடம் இருந்தால் நீக்க வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள். கணக்குப் பிரிவில் இரண்டு கணினிகளில் அப்படி இருந்தது. அவற்றை முதலில் நகலெடுத்து வைத்த பிறகுதான் மாற்றினோம்.

## "பிறைக் கிடங்கின் நகல் இயந்திரம் ஸ்கேன் செய்ததை அனுப்ப மறுக்கிறது"

சரக்கு ரசீதை இயந்திரத்தில் வைத்து மின்னஞ்சலுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினால் பிழை வருகிறது. நகல் எடுக்கிறது, அச்சடிக்கிறது, அனுப்ப மட்டும் மாட்டேன் என்கிறது. இயந்திரத்தால் கைப்பேசியைப் பார்த்து எண்ணைத் தட்ட முடியாது என்பதுதான் காரணம்.

இப்படிப்பட்ட சாதனங்களுக்காகக் கூகுள் தனியாக ஒரு செயலிக் கடவுச்சொல் தரும். அது 16 எழுத்துகள் கொண்டது. இயந்திரத்துக்கென்று உள்ள கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை முடித்தபின் `myaccount.google.com/apppasswords` என்ற பக்கத்தில் ஒரு பெயர் கொடுத்து எடுக்க வேண்டும். அந்த வசதி உங்கள் கணக்குக்கு இல்லை என்று பக்கம் சொன்னால், பெரும்பாலும் இருபடிச் சரிபார்ப்பு இன்னும் முடியவில்லை என்று பொருள். இயந்திரத்தின் அமைப்பில் இப்படி இருக்க வேண்டும்:

```
SMTP server: smtp.gmail.com
Port: 587
Encryption: STARTTLS
```

பயனர்பெயர் என்று கேட்கும் இடத்தில் முழு மின்னஞ்சல் முகவரியைத் தர வேண்டும். கடவுச்சொல் என்று கேட்கும் இடத்தில் அந்த 16 எழுத்துகள். கூகுள் அதை நாலு நாலு எழுத்தாகப் பிரித்து இடைவெளியோடு காட்டும். இயந்திரத்தில் தட்டும்போது இடைவெளி விடக்கூடாது. சிறிய தொடுதிரையில் தட்டும்போது அதிகம் தவறுவது இங்கேதான். இயந்திரம் கணினி வலையில் இருப்பதால் அதன் அமைப்புப் பக்கத்தைக் கணினி உலாவியில் திறந்து ஒட்டிவிடுவது மேல்.

மாதக்கணக்கில் ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்த இயந்திரம் ஒரு நாள் திடீரென நின்றால், அந்த வாரத்தில் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை யாராவது மாற்றினார்களா என்று கேளுங்கள். முதன்மைக் கடவுச்சொல் மாறியதும் கூகுள் எல்லாச் செயலிக் கடவுச்சொற்களையும் ரத்து செய்துவிடும். இயந்திரம் பழுதில்லை. பழுதுபார்ப்பவரை வரவழைத்து வீண் செலவு செய்ய வேண்டாம், புதிதாக ஒன்று எடுத்துப் போட்டால் போதும்.

செயலிக் கடவுச்சொல்லுக்கு இரண்டாவது படி கிடையாது. அது யார் கையில் கிடைத்தாலும் அந்தக் கணக்கின் அஞ்சலைப் படிக்கலாம். ஆகவே யாருடைய சொந்த அலுவலகக் கணக்கிலிருந்தும் இயந்திரத்துக்கு ஒன்று எடுத்துத் தராதீர்கள். இயந்திரக் கணக்கு தனி, அதில் வேறு அஞ்சல் எதுவும் இல்லை. இயந்திரம் வாடகைக்கு எடுத்தது என்பதால் திருப்பிக் கொடுக்கும் நாளில் அதை நானே ரத்து செய்வேன். கிடங்கில் இருப்பவர்கள் திருப்பிக் கொடுக்கும் தேதியை மட்டும் எனக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

## "விற்பனை மின்னஞ்சலைத் திறந்தால் எண் வேறொருவர் கைப்பேசிக்குப் போகிறது"

நாலு பேர் ஒரே கடவுச்சொல்லை வைத்துப் பயன்படுத்தும் பொதுப் பெட்டிகளில் இது கட்டாயம் வரும். யார் கைப்பேசியில் அமைத்தோமோ அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனால் மற்ற மூவரும் காத்திருக்க வேண்டும். சதுரப் படத்தை நாலு கைப்பேசியிலும் பிடித்து வைத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் கேட்டீர்கள். தொழில்நுட்பத்தில் அது முடியும். ஆனால் அதில் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது சாவியும் அவர் கைப்பேசியோடு வெளியே போய்விடும், மற்ற மூவரும் மறுபடி முதலிலிருந்து அமைக்க வேண்டும். யார் எந்த அஞ்சலை அனுப்பினார் என்றும் தெரியாது. நான் இதற்கு ஒப்பமாட்டேன்.

சரியான வழி ஒப்படைப்பு. பொதுப் பெட்டியின் கடவுச்சொல் இனி உங்களுக்குத் தேவையில்லை. நீங்கள் உங்கள் சொந்தக் கணக்கில், உங்கள் சொந்த எண்ணைக் கொடுத்து உள்ளே வருவீர்கள். மேல் வலது மூலையில் உங்கள் படத்தைத் தொட்டால் விற்பனைப் பெட்டியின் பெயரும் கீழே தெரியும். அதைத் தொட்டால் அந்தப் பெட்டி திறக்கும். இதை நான் பொதுப் பெட்டியின் `Grant access to your account` என்ற இடத்திலிருந்து உங்கள் பெயருக்கு அனுப்புவேன். உங்களுக்கு ஓர் ஒப்புதல் அஞ்சல் வரும், அதை ஏற்க வேண்டும். ஏற்ற உடனே பெட்டி தெரியாவிட்டால் பதற வேண்டாம். முழுதாக நடைமுறைக்கு வர ஒரு நாள்வரை ஆகலாம். அதனால்தான் பொதுப் பெட்டிகளை விதி தொடங்கும் திங்களுக்கு முந்தைய வாரமே மாற்றுகிறேன்.

## "நான் எதுவும் திறக்கவில்லை, கைப்பேசியில் அனுமதிக் கேள்வி வருகிறது"

இந்த அறிகுறிக்கு மட்டும் அவசரம் உண்டு. கூகுள் உங்களைத் தவறாகக் கேட்கவில்லை. உங்கள் கடவுச்சொல்லை அறிந்த யாரோ அந்த நேரத்தில் உள்ளே நுழைய முயல்கிறார். கடவுச்சொல் தெரியாதவரால் பொதுவாக இரண்டாவது படிவரை வர முடியாது.

`No` என்பதை அழுத்துங்கள். உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். அந்தக் கடவுச்சொல்லை வேறு எங்காவது, ஒரு கடைச் செயலியிலோ ஒரு விளையாட்டிலோ, பயன்படுத்தியிருந்தால் அங்கேயும் மாற்றுங்கள். பெரும்பாலும் அங்கிருந்துதான் கசிந்திருக்கும். பிறகு எனக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், இரவானாலும் சரி.

கேள்வி ஒன்றோடு நிற்காமல் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கலாம். தொல்லை தாங்காமல் ஒருமுறை `Yes` அழுத்திவிடுவீர்கள் என்பதுதான் அவர்கள் எண்ணம். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவன் இப்படித்தான் நுழைந்தான். அவர்களிடம் ஒப்பந்தத்தில் வேலை செய்த ஒருவருக்கு ஒப்புதல் கேள்விகளைத் திரும்பத் திரும்ப அனுப்பினான், கடைசியில் அவர் ஒன்றை ஏற்றுவிட்டார். இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசி இடைவிடாமல் ஒலித்து, அப்போதே கடவுச்சொல்லை மாற்ற முடியாவிட்டால், அதை அணைத்துவிட்டுப் படுங்கள், காலையில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஏற்பதைவிட அது ஆயிரம் மடங்கு நல்லது.

யாராவது தொலைபேசியில் அழைத்து, "அலுவலகக் கணினிப் பிரிவிலிருந்து பேசுகிறேன், உங்கள் திரையில் வரும் எண்ணைச் சொல்லுங்கள்" என்றால் துண்டித்துவிடுங்கள். நானோ நிர்வாகமோ எந்தக் காரணத்துக்கும் அந்த எண்ணைக் கேட்கமாட்டோம், எனக்கு அது தேவையும் இல்லை. அதேபோல, அஞ்சலில் வந்த இணைப்பைத் தொட்டுத் திறந்த பக்கத்தில் எண்ணைத் தட்டாதீர்கள். மேலே முகவரிப் பட்டையில் `accounts.google.com` என்று இருக்கிறதா என்று பாருங்கள். போலிப் பக்கம் நீங்கள் தட்டிய எண்ணை அந்த 30 நொடிக்குள்ளேயே உண்மையான பக்கத்தில் போட்டு உள்ளே போய்விடும். இருபடிச் சரிபார்ப்பு இருந்தும் ஆட்கள் ஏமாறுவது இந்த வழியில்தான். அந்தப் பக்கத்தில் தட்டிவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடத்தில் தெரிந்தால் அந்தக் கணக்கை எல்லாச் சாதனத்திலிருந்தும் வெளியேற்றிவிட முடியும். அதே சமயம் வங்கிப் பணமும் போயிருந்தால் 997-ஐ அழையுங்கள். அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்.

## "ஒவ்வொரு முறையும் எண் கேட்கிறது"

உங்கள் சொந்த மேசைக் கணினி என்றால், எண்ணைத் தட்டும்போது `Don't ask again on this device` என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்புறமும் கேட்டால் உலாவி மூடும்போதெல்லாம் குக்கீகளை அழிக்கிறது, அல்லது மறைநிலைச் சன்னலில் திறக்கிறீர்கள். கிடங்கின் பொதுக் கணினியில் மட்டும் அந்தக் கட்டத்தைத் தொடவே கூடாது. அங்கே ஒவ்வொரு முறையும் கேட்பதுதான் சரி.

## "எந்த வழியும் இல்லை, வெளியே நிற்கிறேன்"

கைப்பேசியும் இல்லை, மாற்றுக் குறியீட்டுத் தாளும் இல்லை என்றால் என்னிடம் நேரில் வாருங்கள். நிர்வாகக் கணக்கிலிருந்து உங்களுக்கு ஒரு மாற்றுக் குறியீடு எடுத்துத் தருவேன். அதை வாட்ஸ்அப்பில் கேட்டால் தரமாட்டேன், உங்கள் குரல் எனக்குத் தெரிந்ததாக இருந்தாலும் தொலைபேசியிலும் தரமாட்டேன். வெளியூரில் இருப்பவர்கள் தங்கள் பிரிவுத் தலைவரிடம் காணொளி அழைப்பில் முகம் காட்டி, அவர் வழியாகக் கேட்க வேண்டும்.

விதி தொடங்கும் திங்களுக்குள் அமைக்கவே இல்லை என்றால் நிலை வேறு. சரிபார்ப்பு இன்னும் தொடங்காத கணக்குக்கு மாற்றுக் குறியீடு எடுக்க முடியாது. உங்கள் பெயரைச் சிறிது நேரத்துக்கு விலக்குப் பட்டியலில் சேர்த்து, நீங்கள் உள்ளே வந்து என் முன்னாலேயே அமைத்து முடித்தபின் எடுத்துவிடுவேன். அன்று காலை அப்படிப் பலர் வந்தால் வரிசை நீளும், சுங்கத்துக்கு அனுப்ப வேண்டிய தாள்கள் உங்களிடம் காத்துக்கொண்டிருக்கும்.

அதனால் அதற்கு முந்தைய வாரம் செவ்வாயும் புதனும் மதியம் முழுக்க ஜார்ஜ்டவுன் அலுவலகத்தின் கூட்ட அறையில் இருப்பேன். வியாழக்கிழமை ஷிப்ட் மாறும் நேரத்தில் பிறைக் கிடங்குக்கு வருகிறேன். கைப்பேசியைச் சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள், மின்னஞ்சல் கடவுச்சொல்லை நினைவில் வைத்து வாருங்கள். ஸ்மார்ட் கைப்பேசி இல்லாதவர்கள் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவி சிலவற்றை அலுவலகமே வாங்கி வைத்திருக்கிறது, உங்கள் கைக்காசு எதுவும் போடத் தேவையில்லை.